டாக்ஸி வண்டிகளுக்குத் தினசரி செக்லிஸ்ட்: சென்னையில் சின்ன ட்ராவல்ஸ் நடத்துகிறவர்களின் கேள்விகள்

டிரைவர் தினமும் எல்லா வரியிலும் டிக் போட்டுக் கொடுக்கிறார். ஆனால் நடுவழியில் பஞ்சர் ஆனால் ஸ்டெப்னியில் காற்று இல்லை. லிஸ்ட்டில் என்ன குறை?

டிக் அடிக்க வண்டிப் பக்கம் போகவே தேவையில்லை, பேனா இருந்தால் போதும். "ஸ்டெப்னி உள்ளதா?" என்று லிஸ்ட் கேட்கிறது. டிரைவர் "உள்ளது" என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. ஸ்டெப்னி இருக்கத்தான் செய்கிறது, காற்றுதான் இல்லை. எனவே டிக் கட்டத்தை எடுத்துவிட்டு, வண்டியைத் தொட்டுப் பார்க்காமல் நிரப்ப முடியாத கட்டத்தை வையுங்கள். ஸ்டெப்னியில் எத்தனை பி.எஸ்.ஐ., மீட்டரில் எத்தனை கிலோமீட்டர், ஃபாஸ்டேகில் எத்தனை ரூபாய் என்று எண்ணாக எழுதச் சொல்லுங்கள்.

எண்ணையும் உட்கார்ந்த இடத்திலேயே எழுதலாமே என்பீர்கள். எழுதலாம், ஆனால் மாட்டிக்கொள்வார்கள். டயரின் காற்றழுத்தம் சூட்டோடு ஏறி இறங்கும். வெப்பநிலை 5, 6 டிகிரி மாறினாலே அழுத்தம் ஒரு பி.எஸ்.ஐ. அளவுக்கு மாறிவிடும். மார்கழி விடியற்காலையில் அளந்ததும் கத்திரி வெயிலில் அளந்ததும் ஒன்றாக இருக்காது. அளக்கிற மீட்டரும் ஒன்றிரண்டு முன்பின் காட்டும். ஒரு வண்டியின் தாளில் பத்து நாளும் 33, 33, 33 என்றே வந்தால் யாரும் அளக்கவில்லை என்று அர்த்தம். அந்தத் தாளை வைத்துக்கொண்டு டிரைவரிடம் பேச உட்காருவது சுலபம்.

அப்படியானால் தினமும் என்னென்ன பார்க்க வேண்டும்? நாற்பது வரி லிஸ்ட் வைத்தால் யாரும் பார்ப்பதில்லை.

நாற்பது வரி வேண்டவே வேண்டாம். ஒரு நாளில் மாறக்கூடியவை மட்டும் தினசரித் தாளில் வரட்டும். மாதக்கணக்கில் மாறாதவற்றுக்குத் தினசரித் தாளில் இடமில்லை. எஃப்.சி. தேதியைத் தினமும் டிரைவர் பார்த்து என்ன ஆகப்போகிறது? அது அலுவலகத்து வேலை.

தினசரித் தாளில் நான் வைக்கச் சொல்வது இவ்வளவுதான்: கிலோமீட்டர், நான்கு டயரோடு ஸ்டெப்னியின் காற்று, ஜாக்கியும் வீல் ஸ்பேனரும் கண்ணால் பார்த்தாயிற்றா, தீயணைப்பானின் முள் எந்த நிறத்தில் நிற்கிறது, முதலுதவிப் பெட்டியின் சீல் உடைந்திருக்கிறதா, துடைக்கும் துணியும் வாந்திக் கவரும் எத்தனை மிச்சம், ஃபாஸ்டேக் இருப்பு. இவற்றோடு பின் சீட்டில் ஒரு நிமிடம் உட்காரும் வேலையும் உண்டு. பின் கதவு உள்ளேயிருந்து திறக்கிறதா, சீட் பெல்ட்டின் கொக்கி சீட் கவருக்கு மேலே இருக்கிறதா, ஏ.சி. காற்றில் வாடை வருகிறதா, பை போனை யாராவது விட்டுப்போயிருக்கிறார்களா என்பதெல்லாம் டிரைவர் சீட்டிலிருந்து தெரியாது. புது சீட் கவர் போட்ட வண்டிகளில் பெல்ட் கொக்கி அடியில் புதைந்து கிடப்பது சர்வ சாதாரணம். பயணி தேடிப் பார்த்துவிட்டு பெல்ட் போடாமலே வருவார்.

பழகிய டிரைவருக்கு இதெல்லாம் சேர்த்துப் பத்து நிமிடத்துக்குள் முடியும்.

காலையில் பார்க்கச் சொல்வதா, ராத்திரி வண்டி வந்ததும் பார்க்கச் சொல்வதா?

குறையைச் சரிசெய்ய எப்போது கடை திறந்திருக்கும் என்பதைப் பொறுத்தது. ஓர் உதாரணத்தோடு சொல்கிறேன்.

தாம்பரம் பக்கம் ஷெட் வைத்திருக்கும் ஒருவருக்கு ஆறு வண்டி. மறுநாள் அதிகாலை மூன்றரைக்கு மடிப்பாக்கத்தில் பிக்கப், திருப்பதி போய்த் திரும்புகிற ட்ரிப். அந்த வண்டி முந்தின இரவு எட்டு மணிக்கு ஷெட்டுக்கு வருகிறது. இறங்கும் டிரைவர் தாளை நிரப்புகிறார். ஸ்டெப்னியில் 19 பி.எஸ்.ஐ. கதவோரம் ஒட்டிய ஸ்டிக்கரில் 33 என்றிருக்கிறது. ஃபாஸ்டேகில் 180 ரூபாய். முதலுதவிப் பெட்டியின் சீல் உடைந்திருக்கிறது, பகலில் ஒரு குழந்தைக்கு விரலில் பிளாஸ்டர் ஒட்டியதாகக் குறிப்பு.

எட்டு மணிக்குத் தெரிந்ததால் இவை மூன்றும் சின்ன வேலைகள். ஸ்டெப்னிக்குக் காற்று பிடிப்பதோடு விடாமல், வால்வு மேல் சோப்புத் தண்ணீர் விட்டுப் பார்க்க வேண்டும். குமிழி வந்தால் உள்ளிருக்கும் வால்வு பின்னை மாற்றச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் நாலு நாளில் மறுபடி 19-க்கு வந்து நிற்கும். ஃபாஸ்டேகுக்குப் பணம் போட்டு, பெட்டியில் பிளாஸ்டர் வைத்துப் புது சீல் ஒட்டினால் முடிந்தது. இதையே மூன்று மணிக்குக் கண்டுபிடித்தால் பஞ்சர் கடைக்காரர் தூக்கத்தில் இருப்பார். காற்றில்லாத ஸ்டெப்னியோடு வண்டி மாநில எல்லை தாண்டும்.

அதே வண்டிக்குப் பொல்யூஷன் சர்டிஃபிகேட் அன்று நள்ளிரவோடு முடிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை இரவு எட்டு மணிக்குக் கூடச் சரிசெய்ய முடியாது, சோதனை மையம் மூடியிருக்கும். டியூட்டி போடும்போதே, அதாவது மதியமே, அலுவலகத்தின் தேதிப் பலகையைப் பார்த்து வேறு வண்டியை ஒதுக்கியிருக்க வேண்டும். ஆக, காகிதத்தை மதியமும் சாமான்களை இரவும் பாருங்கள். காலையில் வண்டியைச் சுற்றி வந்து டயர், விளக்கு, கண்ணாடி, அடியில் ஏதாவது ஒழுகியிருக்கிறதா என்று பார்த்தால் போதும். ஓடும் நான்கு டயரின் காற்றை மட்டும் காலையில்தான் அளக்க வேண்டும். ஓடி வந்த சூட்டில் அளந்தால் கூடுதலாகக் காட்டும். அதை நம்பிக் காற்றைக் குறைத்தால் ஆறியபின் தேவையானதை விடக் கீழே போய்விடும்.

ஆர்.சி., இன்சூரன்ஸ் எல்லாம் டிரைவர் போனில் போட்டோ எடுத்து வைத்திருக்கிறார். போதாதா?

கேலரியில் இருக்கும் போட்டோ வெறும் படம்தான். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 139-ஆவது விதி 2018-இல் திருத்தப்பட்டு, ஆவணங்களை மின்னணு வடிவிலும் காட்டலாம் என்றானது. டிஜிலாக்கர், எம்-பரிவாகன் செயலிகளில் வரும் ஆவணங்களை அசலுக்குச் சமமாக ஏற்க வேண்டும். ஆனால் டிஜிலாக்கர் கணக்கு ஆதாரோடு இணைந்தது. ஆர்.சி. உங்கள் பெயரில் இருக்க, டிரைவரின் டிஜிலாக்கரில் அதை எடுப்பது சிக்கல். எம்-பரிவாகனில் வண்டியைச் சேர்த்து, அதை டிரைவருக்குப் பகிர்வது நல்ல வழி.

அப்படியிருந்தும் ஒவ்வொரு வண்டியிலும் ஒரு பிளாஸ்டிக் ஃபைல் இருக்கட்டும் என்பேன். ஆர்.சி., இன்சூரன்ஸ், எஃப்.சி., பெர்மிட், சாலை வரி ரசீது, பொல்யூஷன் ஆகியவற்றின் நகல் அதில் போதும். அசல் அலுவலகத்தில் இருக்கட்டும். போனில் சார்ஜ் தீரும், சிக்னல் போகும், வழியில் நிறுத்துகிறவருக்குப் பொறுமையும் தீரும். லைசென்ஸ் மட்டும் டிரைவரின் சட்டைப்பையில் அசலாகவே இருக்க வேண்டும். அதை ஃபைலில் வைத்தால் அடுத்த ஷிஃப்ட்டுக்கு வந்தவர் முந்தையவரின் லைசென்ஸோடு வண்டி எடுத்துப் போவார்.

ஒவ்வொரு காகிதத்துக்கும் ஒவ்வொரு தேதி. எது எப்போது முடியும் என்று எப்படித் தொடர்வது?

அலுவலகச் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை போதும். இடப்பக்கம் வண்டி எண்கள், மேலே காகிதங்களின் பெயர்கள், கட்டங்களில் முடியும் தேதி. எக்ஸெல் ஷீட் வைக்கலாம், ஆனால் அதைத் திறந்தால்தான் தெரியும். பலகை தானாகக் கண்ணில் படும்.

எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி "முப்பது நாள் முன்பு நினைவூட்டு" என்று வைப்பதுதான் தவறு. பொல்யூஷனுக்குப் பத்து நிமிடம் போதும். பி.எஸ்-4, பி.எஸ்-6 வண்டிகளுக்கு அது ஓராண்டு செல்லும், எனவே ஒரு வாரம் முன்பு பார்த்தால் சரி. எஃப்.சி. அப்படியல்ல. டிங்கரிங், பெயின்ட், ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர், வேகக் கட்டுப்பாட்டுக் கருவியின் சான்று எனப் பல வேலை அதற்கு முன்னால் இருக்கிறது. வண்டி சில நாள் ஷெட்டில் நிற்கும். ஒன்றரை மாதம் முன்பே பலகையில் சிவப்பு வட்டம் போடுங்கள். வண்டிக்கு எட்டு வயது ஆகும்வரை எஃப்.சி. இரண்டாண்டுக்கு ஒருமுறை, அதன் பிறகு ஆண்டுதோறும். எட்டாவது வயதைத் தாண்டிய வண்டியை இன்னும் இரண்டாண்டுக் கணக்கிலேயே நினைத்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. பெர்மிட் ஐந்தாண்டுக்கு வரும். புதுப்பிக்க, முடிவதற்குக் குறைந்தது பதினைந்து நாள் முன்பு விண்ணப்பிக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 81-ஆவது பிரிவு சொல்கிறது.

இவை ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருப்பவை என்பதையும் பாருங்கள். இன்சூரன்ஸும் பொல்யூஷனும் செல்லுபடியாக இல்லாமல் எஃப்.சி.க்குப் போக முடியாது. சட்டத்தின் 56-ஆவது பிரிவுப்படி எஃப்.சி. இல்லாத வாடகை வண்டி முறையாகப் பதிவான வண்டியாகவே கருதப்படாது. பெர்மிட் இல்லாமல் ஓடிய வண்டி விபத்தில் சிக்கினால், பாதிக்கப்பட்டவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி கொடுத்துவிட்டு அந்தப் பணத்தை உரிமையாளரிடமிருந்து வசூலித்துக்கொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்திருக்கிறது. ரோட்டில் கட்டும் அபராதத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். வீட்டை விற்க வைப்பது இதுதான்.

ஜாக்கி இருக்கிறது, ஸ்பேனர் இருக்கிறது. ஆனால் வீல் நட்டு அசையவே மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?

பஞ்சர் கடையில் ஏர் கன் வைத்து இறுக்கியிருப்பார்கள். வண்டியோடு வரும் எல் வடிவ ஸ்பேனர் குட்டையானது. ஜி.எஸ்.டி. சாலை ஓரத்தில் நள்ளிரவில் அதன்மேல் ஏறி நின்றாலும் நட்டு நகராது. வலுவாக மிதித்தால் ஸ்பேனர் வழுக்கி நட்டின் முனைகள் மழுங்கும். பிறகு அது மெக்கானிக் வேலையாகிவிடும்.

இதற்கு இரண்டு ஏற்பாடு. நீளும் கைப்பிடியுள்ள வீல் ஸ்பேனரை ஒவ்வொரு வண்டியிலும் வாங்கிப் போடுங்கள், அல்லது ஸ்பேனரின் கைப்பிடியில் மாட்டுகிற மாதிரி இரண்டடி இரும்புக் குழாய் ஒன்று இருக்கட்டும். இரண்டாவது, டயர் கடைக்குப் போய் வந்த அன்றைக்கே, ஷெட்டில் வைத்து டிரைவர் தன் வண்டி ஸ்பேனரால் எல்லா நட்டையும் ஒருமுறை தளர்த்தி மறுபடி கையால் இறுக்கிப் பார்க்கட்டும். வண்டி தரையில் நிற்கும்போதே, ஜாக்கி போடாமல். "டயர் கடைக்குப் போனதா? நட்டு கையால் பார்த்தாயிற்றா?" என்று தாளில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். அதே வரி இன்னொரு இழப்பையும் பிடிக்கும்: ஸ்பேனரும் ஜாக்கிக் கைப்பிடியும் அதிகமாகத் தொலைவது டயர் கடையில்தான். யாரும் திருடுவதில்லை, வேலை முடிந்த அவசரத்தில் அங்கேயே கிடக்கும்.

ஜாக்கியை மாதம் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். கடற்காற்றில் திருகு துருப்பிடித்து இறுகும், ஒரு சொட்டு கிரீஸ் போதும். அடியில் வைக்க ஒரு கனமான பலகைத் துண்டும் வேண்டும். மழைக்கால மண்ணில் ஜாக்கி மேலே போவதற்குப் பதில் கீழே இறங்கும்.

சி.என்.ஜி. வண்டியில் டிக்கியில் சிலிண்டர் போக இடமே இல்லை. இத்தனை சாமானையும் எங்கே வைப்பது?

டிக்கியில் வைக்காதீர்கள் என்பதுதான் பதில். விமான நிலையத்துக்குப் போகும் குடும்பத்தின் மூன்று பெட்டி ஏறிய பிறகு, அடியில் இருக்கும் ஜாக்கிக்காக எல்லாவற்றையும் ரோட்டில் இறக்க வேண்டியிருக்கும். சின்ன சாமான்களை ஒரு துணிப்பையில் போட்டு முன் பக்க சீட்டின் அடியில் வையுங்கள்: ஸ்பேனர், காற்று அளக்கும் மீட்டர், டார்ச், கையுறை, ஃபியூஸ் சில. பிரேக் பெடல் பக்கம் உருண்டு போகாதபடி டிரைவர் சீட்டுக்கு அடியில் வேண்டாம், பக்கத்து சீட்டுக்கு அடியில் வையுங்கள். முக்கோண எச்சரிக்கைப் பலகை மட்டும் டிக்கிக் கதவின் உட்பக்கமாகவோ பெட்டிகளுக்கு மேலாகவோ கைக்கு எட்டும்படி இருக்கட்டும். வண்டி நின்றதும் முதலில் வெளியே போக வேண்டிய சாமான் அதுதான்.

சிலிண்டரின் ஹைட்ரோ டெஸ்ட் மூன்றாண்டுக்கு ஒருமுறை. அந்தத் தேதியும் சுவர்ப் பலகையில் ஏறட்டும்.

தீயணைப்பான் எஃப்.சி.க்காக வாங்கி வைத்தது. அதில் தினமும் பார்க்க என்ன இருக்கிறது?

முள் பச்சையில் நிற்கிறதா, பின் இருக்கிறதா, எடுத்த எடுப்பில் கைக்கு வருகிறதா என்ற மூன்றுதான். மூன்றாவதில்தான் பெரும்பாலும் கோட்டை விடுகிறார்கள். எஃப்.சி. முடிந்ததும் அதை டிக்கியில் தூக்கிப் போட்டுவிடுவார்கள். டிரைவர் சீட்டிலிருந்தோ கதவைத் திறந்ததுமோ எட்டுகிற இடத்தில் பிராக்கெட்டில் மாட்டியிருக்க வேண்டும்.

ஒரு கிலோ பவுடர் தீயணைப்பான் பத்து நொடி போல்தான் பீய்ச்சும். அதிர்விலும் சூட்டிலும் உள்ளே பவுடர் அடியில் இறுகிக் கட்டியாகும், முள் பச்சையில் நின்றாலும். மாதம் ஒருமுறை தலைகீழாகப் பிடித்துக் குலுக்கச் சொல்லுங்கள். பானெட்டுக்குள் புகை வந்தால் பானெட்டை முழுதாகத் தூக்கக் கூடாது, காற்று புகுந்து தீ எழும்பும். கொஞ்சமாகத் திறந்து இடுக்கு வழியாகப் பீய்ச்ச வேண்டும். அதற்கும் முன்னால் இக்னிஷனை அணைத்து, பயணிகளை இறக்கித் தள்ளி நிறுத்த வேண்டும். சிலிண்டர் பக்கம் தீ போனால் வண்டியை விட்டுவிட்டு ஓடுவதுதான் சரி.

முதலுதவிப் பெட்டியை எப்போது திறந்தாலும் காலியாக இருக்கிறது, அல்லது உள்ளே எல்லாம் உருகி ஒட்டிக் கிடக்கிறது.

இவை இரண்டு தனித்தனி வியாதி. காலியாக இருப்பதற்குக் காரணம் பெட்டி திறந்தே கிடப்பது. காஸ் துணி கண்ணாடி துடைக்கப் போகும், பிளாஸ்டர் டிரைவரின் செருப்புக் கடிக்குப் போகும். மூடியின் மேல் தேதியும் கையெழுத்தும் போட்ட ஒரு காகித ஸ்டிக்கரை ஒட்டிவிடுங்கள். பிறகு தினமும் பெட்டியைத் திறந்து எண்ண வேண்டியதில்லை, ஸ்டிக்கர் கிழிந்திருக்கிறதா என்று பார்த்தால் போதும். கிழிந்திருந்தால் அன்றே திறந்து குறைந்ததை நிரப்பிப் புது ஸ்டிக்கர். எடுத்ததற்காக யாரையும் திட்டாதீர்கள், எழுதாததற்கு மட்டும் கேளுங்கள்.

உருகுவதற்குக் காரணம் வைத்த இடம். பின் கண்ணாடியின் கீழ்த் தட்டில், சிவப்புக் கூட்டல் குறி வெளியே தெரிகிற மாதிரி வைப்பது நம் ஊர் வழக்கம். மே மாதத்தில் வெயிலில் நிறுத்திய காரின் உள்ளே வெப்பம் 50 டிகிரியைத் தாண்டும், நேர்வெயில் படும் தட்டில் இன்னும் அதிகம். பிளாஸ்டரின் பசை வழிந்துவிடும், ரப்பர் கையுறை ஒன்றோடொன்று ஒட்டி, பிரித்தால் கிழியும். முன் பக்க டேஷ்போர்டு அறையிலோ சீட்டுக்கு அடியிலோ வையுங்கள். வெளியே தெரிய வேண்டுமானால் கண்ணாடியில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளலாம்.

உள்ளே என்ன வேண்டும்? ரத்தத்தை நிறுத்தும் சாமான்தான் முதலில்: தனித்தனியாகச் சுற்றிய காஸ் துணி ஐந்தாறு, ரோலர் பேண்டேஜ் இரண்டு, முக்கோணத் துணி ஒன்று, ஒட்டுகிற டேப், முனை மழுங்கிய கத்தரிக்கோல், கையுறை இரண்டு ஜோடி. காயத்தைக் கழுவ ஒரு சின்ன சலைன் பாட்டில், பொவிடோன் அயோடின் களிம்பு, பிளாஸ்டர், ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இரண்டு. இவ்வளவே போதும். கையுறையும் களிம்பும் வெயிலுக்கு முதலில் கெடுபவை. கோடை தொடங்கும்போது ஒருமுறை, முடிந்தபின் ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

பயணிகள் தலைவலி மாத்திரை, வாந்தி மாத்திரை கேட்கிறார்கள். பெட்டியில் வைக்கலாமா?

வேண்டாம். அந்தச் சூட்டில் கிடந்த மாத்திரையை நம்ப முடியாது. கேட்பவருக்கு என்ன ஒவ்வாமை, வேறு என்ன மருந்து சாப்பிடுகிறார் என்பதும் டிரைவருக்குத் தெரியாது. மருந்துக்கடை முன்னால் வண்டியை நிறுத்துவதோடு அவர் வேலை முடிந்தது. நெஞ்சுவலி என்று யாராவது சொன்னால் மருந்துக்கடையும் வேண்டாம், உடனே 108.

விபத்து நடந்தால் காயம்பட்டவரை நம் வண்டியிலேயே ஏற்றிப் போகலாமா? போலீஸ் தொல்லை வராதா?

நம் வண்டியே சம்பந்தப்பட்ட விபத்து என்றால் தேர்ந்தெடுக்கும் உரிமையே இல்லை. காயம்பட்டவருக்குச் சிகிச்சை கிடைக்க வழிசெய்வது டிரைவரின் கடமை என்று சட்டத்தின் 134-ஆவது பிரிவு சொல்கிறது. கூட்டம் தாக்கும் நிலை இருந்தால் மட்டும் விலக்கு. வேறு யாருடைய விபத்திலோ நின்று உதவுகிறவருக்கு 2019 திருத்தத்தில் சேர்ந்த 134-ஏ பிரிவு பாதுகாப்புத் தருகிறது.

ஆனால் ஏற்றுவதற்கு முன் 108-ஐ அழையுங்கள். கழுத்து, முதுகில் அடிபட்டவரை இழுத்துப் பின் சீட்டில் மடக்கிப் போட்டால் இருக்கிற காயம் பெரிதாகும். ஆம்புலன்ஸ் வரும்வரை காஸ் துணியைக் காயத்தின் மேல் வைத்துக் கையால் அழுத்திப் பிடிப்பதுதான் டிரைவர் செய்யக்கூடிய பெரிய உதவி. தூக்கித் தூக்கிப் பார்க்காமல், நனைந்தால் அதன் மேலேயே இன்னொன்று வைத்து அழுத்த வேண்டும். பணத்துக்குப் பயந்து தயங்க வேண்டாம். தமிழக அரசின் "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது. அதில் சேர்ந்த மருத்துவமனைகள், தனியார் உட்பட, சாலை விபத்தில் காயம்பட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைத் திட்ட வரம்புக்குள் இலவசமாகத் தருகின்றன. வெளிமாநிலத்தவருக்கும் உண்டு. இந்த ஒரு வரியையும் 108-ஐயும் பெட்டி மூடியின் உட்புறம் எழுதி ஒட்டுங்கள்.

தினமும் கழுவியும் கண்ணாடியில் வெள்ளைத் திட்டு போகவில்லை. ஷாம்பு மாற்ற வேண்டுமா?

ஷாம்புவில் ஒன்றுமில்லை, தண்ணீரைப் பாருங்கள். சென்னையில் பல இடங்களில் போர் தண்ணீர் உப்பு. வெயிலில் நிறுத்திக் கழுவினால் துடைப்பதற்குள் காய்ந்து உப்புத் திட்டு நின்றுவிடும். அதன் மேல் வைப்பர் ஓடினால் கண்ணாடியில் கீறல் விழும். தினமும் வாட்டர் வாஷ் தேவையே இல்லை. ஈர மைக்ரோஃபைபர் துணியால் தூசியைத் துடைத்து, உலர்ந்த துணியால் உடனே ஒற்றி எடுத்தால் ஒரு வாளி கூடச் செலவாகாது. கண்ணாடிக்கு ஒரு நிறத் துணி, பாடிக்கு வேறு நிறம். பாடி துடைத்த துணியின் மண் கண்ணாடிக்குப் போகக் கூடாது. வைப்பர் தண்ணீர் டப்பாவில் போர் தண்ணீர் ஊற்றினால் பீய்ச்சும் துளை அடைக்கும், கேன் தண்ணீர் ஊற்றுங்கள். போர் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றுகிற பழக்கம் இருந்தால் இன்றைக்கே நிறுத்துங்கள்.

வாசனை ஸ்பிரே டப்பாக்களை வண்டியில் விடாதீர்கள். 50 டிகிரிக்கு மேல் வைக்கக் கூடாது என்று டப்பாவிலேயே போட்டிருக்கும்.

வண்டியில் வாந்தி எடுத்துவிட்டால் அன்று முழுக்க ட்ரிப் போகிறது. சீக்கிரம் சரிசெய்ய வழி உண்டா?

முதல் பத்து நிமிடத்தில் தேய்க்காமல் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. தேய்த்தால் ஸ்பாஞ்சுக்குள் இறங்கிவிடும். கையுறை போட்டு, பழைய அட்டையால் வழித்தெடுத்து, செய்தித்தாளை வைத்து அழுத்தி ஈரத்தை உறிஞ்ச வைக்க வேண்டும். பிறகு குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றி ஒற்றி எடுத்து, சமையல் சோடாவைத் தாராளமாகத் தூவி, குறைந்தது அரை மணி நேரம் விட்டு உதறுங்கள். எல்லாக் கதவையும் திறந்து வைத்து, ஏ.சி. ஃபேனை வெளிக்காற்று நிலையில் ஓட விடுங்கள். பெல்ட் கொக்கியின் துளையையும் கதவோர இடுக்கையும் மறந்தால் மறுநாள் வெயிலில் வாடை திரும்பி வரும். வாசனைத் திரவியம் தெளித்து மறைக்கப் பார்த்தால் அந்தக் கலவையிலேயே அடுத்த பயணிக்குக் குமட்டும்.

கவர்கள் பின் சீட் பாக்கெட்டில், பயணியின் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்க வேண்டும். மலைப்பாதை ட்ரிப் என்றால் ஆளுக்கு ஒன்று. காசிமேட்டு மீன் பையோடு ஏறுகிறவருக்கும் அதே கவர் உதவும். மீன் தண்ணீர் கார்ப்பெட்டில் சொட்டினால் வாந்தியை விட மோசம்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை லிஸ்ட்டில் என்ன சேர்க்க வேண்டும்?

மேட்டைத் தூக்கி, கீழே கார்ப்பெட்டைக் கையால் அழுத்திப் பார்ப்பதைச் சேருங்கள். முன் பக்கத்துப் பயணி காலடியில் மட்டும் ஈரம் என்றால் அது பெரும்பாலும் மழைத்தண்ணீர் இல்லை, ஏ.சி. தண்ணீர் போகும் குழாய் அடைத்திருக்கும். பின்பக்கமும் ஈரம் என்றால் கதவு ரப்பரைப் பாருங்கள். டயரின் பட்டை ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் சட்டப்படியே தகுதியில்லை. பள்ளங்களுக்குள் இருக்கும் சின்ன மேடு, பட்டையோடு சமமாகிவிட்டதா என்று பார்த்தால் மீட்டர் இல்லாமலே தெரியும். இழுக்கும் கயிறு, இரண்டு பழைய துண்டு, சார்ஜ் உள்ள டார்ச் இவை டிசம்பர் முடியும்வரை வண்டியில் இருக்கட்டும். சுரங்கப்பாதைத் தண்ணீரில் வண்டி நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யக் கூடாது என்பதை டேஷ்போர்டில் எழுதியே ஒட்டிவிடலாம். உள்ளே போன தண்ணீரோடு இன்ஜினைச் சுற்றினால் கனெக்டிங் ராட் வளையும். தனியாக இன்ஜின் பாதுகாப்பு எடுக்காத பாலிசியில் அந்தச் செலவு வராது.

ஆக்டிங் டிரைவர் வந்த நாளில் ஏதாவது தொலைந்தால் யாரைக் கேட்பது? சம்பளத்தில் பிடிக்கலாமா?

வண்டி கைமாறும்போது கொடுப்பவர், வாங்குபவர் இருவரும் ஒரே தாளில் கையெழுத்துப் போட வேண்டும். நேரில் சந்திக்க வழியில்லை என்றால் வாட்ஸ்அப்பில் நான்கு போட்டோ: கிலோமீட்டர், ஸ்டெப்னி மேல் வைத்த மீட்டர், திறந்த டிக்கி, பின் சீட். முந்தின நாள் போட்டோவையே மறுபடி அனுப்பாமலிருக்க, அன்றைய டிரிப் ஷீட் ஒவ்வொரு படத்திலும் தெரிய வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.

சம்பளத்தில் பிடிப்பதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஸ்பேனருக்குப் பிடித்தால் அடுத்த முறை தொலைந்ததை யாரும் சொல்ல மாட்டார்கள். தாளில் "உள்ளது" என்றே இருக்கும். தொலைந்ததை அன்றே எழுதினால் கம்பெனி செலவு, எழுதாமல் அடுத்தவர் கண்டுபிடித்தால் மட்டும் கடைசியாகக் கையெழுத்திட்டவர் பாதி என்று வைத்துக்கொள்ளலாம். ஷெட்டில் ஒரு செட் சாமான் கூடுதலாக வாங்கிப் பூட்டி வையுங்கள், ராத்திரி எழுதியதை ராத்திரியே மாற்றிக் கொடுக்க அது இருந்தால்தான் முடியும்.